அப்டேட் பாதியில் நின்ற சாம்சங் போன்: டேட்டா அழியாமல் கணினியிலிருந்து சாஃப்ட்வேர் போடும் முறை

தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள எந்த மொபைல் கடையில் கேட்டாலும், அப்டேட்டில் மாட்டிய போனுக்கு "சாஃப்ட்வேர் போடணும், உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றுதான் சொல்வார்கள். முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாவது பாதி அப்படி இல்லை. சாம்சங் போனில் போட்டோ, வாட்ஸ்அப், காண்டாக்ட் எதுவும் அழியாமல் முழு சாஃப்ட்வேரையும் திரும்ப எழுத முடியும், ஆனால் படிகளின் வரிசை தப்பக் கூடாது. நான் பார்த்த வரையில் டேட்டா போவது சாஃப்ட்வேர் போட்டதால் அல்ல, அதற்கு முன்பு அவசரத்தில் யாரோ தவறான ஒரு வரியை அழுத்தியதால்தான்.

இங்கே சாம்சங் கேலக்ஸி போனை மட்டும், விண்டோஸ் கணினியை வைத்துச் சொல்கிறேன். ரெட்மி, ரியல்மி, ஐபோனுக்கு வழி வேறு, கருவியும் வேறு. உதாரணத்துக்குப் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஒருவரின் போனை எடுத்துக்கொள்கிறேன்: கேலக்ஸி A14 5ஜி, 64 ஜிபி, அப்டேட் 32%-ல் நின்றுவிட்டது, உள்ளே விவசாயிகளுக்குக் கொடுத்த சீட்டுகளின் போட்டோ முழுக்க இருந்தது. "அண்ணா, போட்டோ மட்டும் வந்தா போதும், போன் போனாலும் பரவாயில்லை" என்றார்.

## 1. நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று பாருங்கள்

சதவீதம் ஒரே இடத்தில் இருப்பதால் மட்டும் போன் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிஸ்டம் பகுதி மிகப் பெரியது, அதை எழுதும்போது எண் பத்து இருபது நிமிடம் அசையாமல் கிடக்கும், பிறகு திடீரென்று தாவும். அதனால் முதலில் சார்ஜரில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். நடுவில் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டாம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எழுதும் வேலையை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே எண், போனும் சில்லென்று இருக்கிறது என்றால் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மண்டிக்காரரின் போன் முதல் நாள் ராத்திரியிலிருந்து அதே 32%-ல் இருந்ததால் அதில் சந்தேகமே வரவில்லை.

## 2. கட்டாய ரீஸ்டார்ட்

வால்யூம் டவுன், பவர் இரண்டையும் சேர்த்துத் திரை கருப்பாகும் வரை பிடியுங்கள். பத்து நொடி ஆகும், சில சமயம் கொஞ்சம் கூடவும் ஆகும். மூன்று நொடியில் விட்டுவிட்டு "வேலை செய்யலை" என்பவர்கள்தான் அதிகம். லோகோ வந்ததும் விட்டுவிடுங்கள். போன் மீதி அப்டேட்டைத் தானே முடித்துக்கொண்டு எழுந்தால் வேலை முடிந்தது.

எழாவிட்டால் சில போன்களில் `Can't load Android system. Your data may be corrupt` என்று ஒரு திரை வரும். அதன் கீழே இரண்டே வரி: `Try again`, `Factory data reset`. பயந்துபோய் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் அங்கேயே முடிந்தது, பிறகு எந்தக் கடையாலும் மீட்க முடியாது, ஏனென்றால் டேட்டா பூட்டியே எழுதப்பட்டிருக்கிறது, அந்தப் பூட்டின் சாவியும் ரீசெட்டோடு சேர்ந்து அழிந்துவிடுகிறது. முதலில் `Try again`. மறுபடியும் அதே திரைதான் என்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

## 3. ரிக்கவரியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

ஆண்ட்ராய்டு 11 முதல் சாம்சங் போன்களில் வெறும் பட்டனை மட்டும் அழுத்தினால் ரிக்கவரி என்ற பழுதுபார்க்கும் திரை வராது. ஓடும் கணினியோடு கேபிளால் இணைத்து வைத்துக்கொண்டு வால்யூம் அப், பவர் இரண்டையும் பிடிக்க வேண்டும், லோகோ வந்ததும் பவரை விட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அரை நாள் பட்டனோடு மல்லுக்கட்டுவது இந்தக் கேபிள் விஷயம் தெரியாமல்தான்.

ரிக்கவரியில் வால்யூம் பட்டனால் மேலே கீழே போகலாம், பவர் பட்டனால் தேர்ந்தெடுக்கலாம். `Wipe cache partition` என்ற வரி இருந்தால் அதைச் செய்யுங்கள், தற்காலிகக் கோப்புகள் மட்டும்தான் போகும். `Repair apps` இருந்தால் அதையும் ஓடவிடுங்கள், அது உங்கள் போட்டோவைத் தொடாது. இவற்றுக்குப் பக்கத்திலேயே `Wipe data/factory reset` இருக்கிறது. பட்டனை வேகமாகத் தட்டினால் ஒரு வரி தள்ளிப் போய் நிற்கும், அதனால் பவரை அழுத்தும் முன் எந்த வரி ஒளிர்கிறது என்று வாய்விட்டுப் படித்துவிட்டே அழுத்துங்கள்.

பிறகு `Reboot system now`. இதிலேயே எழுந்துவிடும் போன்களும் உண்டு. எழவில்லை என்றால் கிளம்புவதற்கு முன் ரிக்கவரித் திரையின் உச்சியில் இருக்கும் சின்ன எழுத்துகளை வேறொரு போனால் ஒரு படம் எடுத்து வையுங்கள், அடுத்த படிக்கே அதுதான் ஆதாரம்.

## 4. மாடலும் பில்ட் எண்ணும்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் வீண். போனின் பெயர் போதாது, முழு மாடல் எண் வேண்டும். A14 5ஜி என்ற ஒரே பெயரில் SM-A146B என்று ஒன்றும் SM-A146P என்று ஒன்றும் இருக்கின்றன. முதலாவதில் எக்ஸினோஸ் சிப், இரண்டாவதில் மீடியாடெக் சிப், ஒன்றின் ஃபர்ம்வேர், அதாவது முழு சாஃப்ட்வேர் கோப்பு, மற்றதில் ஏறவே ஏறாது. மாடல் எண் பெட்டியில் இருக்கும், பின்பக்கத்திலும் பொடியாக அச்சடித்திருக்கும். பேக் கவர் மாற்றிய போனில் பின்பக்கத்தை நம்பாதீர்கள்.

அடுத்தது பில்ட் எண். நீங்கள் எடுத்த படத்தில் இந்த மாதிரி ஒன்று இருக்கும் (அமைப்பைக் காட்ட மட்டும் எழுதுகிறேன், உங்களுடையது வேறாக இருக்கும்):

```
A146BXXS5CXC2
```

கடைசியிலிருந்து எண்ணி ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள், இங்கே 5. இதுதான் பூட்லோடர் எண், பூட்லோடர் என்பது போன் எழும்போது முதலில் ஓடும் நிரல். இந்த எண் ஏறும், ஒருபோதும் இறங்காது: போனில் 5 இருந்தால் 5 அல்லது அதற்கு மேல் உள்ள ஃபர்ம்வேர் மட்டுமே ஏறும். 9-க்கு அப்புறம் A, B என்று எழுத்தாகப் போகும். கடைசி மூன்று எழுத்தில் முதலாவது வருடம் (X என்றால் 2024, Y என்றால் 2025), அடுத்தது மாதம் (A ஜனவரி, C மார்ச்).

அப்டேட் பாதியில் நின்ற போனில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிக்கவரி பழைய பில்ட்டைக் காட்டும், ஆனால் பூட்லோடர் அதற்குள் புதியதாக மாறியிருக்கலாம். அதனால் எப்போதும் அந்த மாடலுக்கு வந்த ஆகக் கடைசி ஃபர்ம்வேரையே எடுங்கள். இதற்கு இரண்டாவது காரணமும் இருக்கிறது: உங்கள் டேட்டா புதிய பதிப்புக்குப் பாதி மாறியிருந்தால், பழைய பதிப்பைப் போட்டவுடன் அது டேட்டாவைத் திறக்க மறுக்கும். "பழசு நல்லா ஓடிச்சு, அதையே போடலாம்" என்பது டேட்டா வேண்டும் என்பவர்களுக்குச் சரிப்படாது.

## 5. கணினிப் பக்கம் தயார் செய்தல்

லேப்டாப்பாக இருந்தால் நல்லது. நம்ம பக்கம் மதியத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் எழுதும் வேலை நடுவில் நின்றால் பாடு இரட்டிப்பு. கணினியில் 25 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஃபர்ம்வேர் சுருக்கப்பட்ட கோப்பாக வரும், விரித்தால் இன்னொரு அத்தனை இடம் பிடிக்கும். மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குபவர்கள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

போனுக்கு வாங்கும்போது கூட வந்த கேபிள் சிறந்தது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. பேட்டரி 50%-க்கு மேல் இருக்கட்டும்: ரிக்கவரியில் `Power off` கொடுத்துச் சார்ஜரில் போட்டால் சதவீதம் திரையில் தெரியும்.

சாம்சங்கின் யூஎஸ்பி டிரைவரை நிறுவிக் கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுதும் கருவியின் பெயர் ஓடின். சாம்சங் இதைப் பொதுமக்களுக்கென்று வெளியிடவில்லை, சர்வீஸ் ஆட்கள் பயன்படுத்துவது வெளியே வந்து புழங்குகிறது, அதனால் கண்ட கண்ட தளத்தில் இருப்பதை இறக்காமல் வைரஸ் சோதனை செய்து பார்த்த பிறகே திறக்க வேண்டும். ஃபர்ம்வேரை சாம்சங்கின் அப்டேட் சர்வரிலிருந்தே நேராக இறக்க Frija, Bifrost போன்ற சின்ன நிரல்கள் உண்டு. மாடல் எண்ணும் நாட்டுக் குறியீடும், இப்போது போனின் IMEI எண்ணும் கொடுக்க வேண்டும், இந்தியாவில் வாங்கிய போனுக்கு நாட்டுக் குறியீடு பெரும்பாலும் `INS`. பணம் கேட்கும் தளங்கள் தேவையே இல்லை.

கோப்பை விரித்தால் ஐந்து பெயர்கள் இருக்கும்: `BL`, `AP`, `CP`, `CSC`, `HOME_CSC`. கடைசி இரண்டையும் கவனியுங்கள். `CSC` போட்டால் போன் புதுசு மாதிரி துடைக்கப்படும், `HOME_CSC` போட்டால் டேட்டா அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே கட்டத்தில்தான் போடப்படும், அதனால் கோப்புப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு முதலில் தெரிவதை எடுத்தால் `CSC` வந்து விழும். நான் விரித்தவுடன் `CSC` கோப்பை வேறொரு ஃபோல்டருக்கு மாற்றிவிடுவேன், தவறாக எடுக்கவே வழி இருக்கக் கூடாது என்பதற்காக.

## 6. டவுன்லோட் மோடுக்குக் கொண்டுவருதல்

ரிக்கவரி திறக்கும் போனில் `Reboot to bootloader` வரியைத் தேர்ந்தெடுத்தால், கணினியிலிருந்து சாஃப்ட்வேரை வாங்கிக்கொள்ளும் டவுன்லோட் மோடு நேராக வந்துவிடும், சுலபமான வழி அதுதான். ரிக்கவரி வரவில்லை என்றால் போன் முழுக்க அணைந்திருக்கும்போது வால்யூம் அப், வால்யூம் டவுன் இரண்டையும் பிடித்துக்கொண்டே கணினியிலிருந்து வரும் கேபிளைச் சொருகுங்கள். அணையவே மாட்டேன் என்கிற போனுக்கு கேபிளைச் சொருகியபடியே வால்யூம் டவுன், பவர் பிடித்துத் திரை கருப்பான அந்தக் கணம் பவரை விட்டுவிட்டு வால்யூம் அப்-ஐயும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கை பழக இரண்டு மூன்று முறை ஆகும்.

நீலப்பச்சை நிறத்தில் எச்சரிக்கைத் திரை வரும். வால்யூம் அப்-ஐ ஒரு முறை லேசாக அழுத்தி விடுங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள்: டெவலப்பர் பகுதியில் பூட்லோடர் திறக்க அனுமதி கொடுத்து வைத்திருக்கும் போன்களில், நீண்ட அழுத்தம் பூட்லோடரைத் திறக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோகும், அதை ஒப்புக்கொண்டால் டேட்டா முழுக்கத் துடைக்கப்படும். சாம்சங்கின் சொந்த ஃபர்ம்வேரை எழுத பூட்லோடரைத் திறக்கவே வேண்டியதில்லை. யூடியூப் பார்த்து அதைத் திறந்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

இப்போது `Downloading... Do not turn off target` என்று தெரிய வேண்டும். அப்டேட் மிக மோசமாக அறுந்த போனில் இதற்குப் பதில் `An error has occurred while updating the device software` என்று வரும். பயப்பட வேண்டாம், அதுவும் ஓடினுக்குத் தெரியும், அந்தத் திரையிலிருந்தே எழுதலாம்.

## 7. ஓடினில் எழுதுதல்

ஓடினை நிர்வாகி உரிமையோடு திறந்து போனை இணைத்தால் மேலே `ID:COM` கட்டம் நீலமாக மாறும், பதிவில் `Added!!` என்று வரும். மாறவில்லையா, டிரைவர், கேபிள், போர்ட் இந்த மூன்றில் ஒன்று. டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டையும் ஹப்பையும் தவிர்த்துப் பின்பக்கம் சொருகுங்கள்.

`Options` பகுதியில் `Auto Reboot`, `F. Reset Time` இரண்டு மட்டும் டிக் இருக்க வேண்டும். `Re-Partition`-ஐத் தொடவே கூடாது, அது சேமிப்பகத்தின் பிரிப்பையே மாற்றி எழுதுவது.

`BL`, `AP`, `CP` மூன்றையும் அவற்றின் கட்டத்தில் போடுங்கள், `CSC` கட்டத்தில் `HOME_CSC` கோப்பு. `USERDATA` காலியாகவே இருக்கட்டும். `AP` கொடுத்தவுடன் ஓடின் உறைந்துபோன மாதிரி இருக்கும், விண்டோஸ் "Not Responding" என்றும் சொல்லும். பல ஜிபி கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மூட வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

`Start` அழுத்துவதற்கு முன் கடைசியாக நான்காவது கட்டத்தில் கோப்பின் பெயர் `HOME_` என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அழுத்துங்கள். நல்லபடியாகப் போனால் பதிவு இப்படி முடியும்:

```
<ID:0/003> RQT_CLOSE !!
<ID:0/003> RES OK !!
<OSM> All threads completed. (succeed 1 / failed 0)
```

`super.img` என்ற கோப்புதான் நேரம் பிடிக்கும், அதில் நின்றால் பதற வேண்டாம். மேலே பச்சையில் `PASS!` வந்து போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வரை கேபிளை அசைக்காதீர்கள்.

## 8. `FAIL!` வந்தால்

சிவப்பில் `FAIL!` வந்தாலும் போன் செத்துவிடவில்லை. கணினியை மட்டும் பார்க்காமல் போன் திரையின் சின்ன எழுத்தையும் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

`SW REV. CHECK FAIL` என்று இருந்தால் நீங்கள் எடுத்தது பழைய ஃபர்ம்வேர். பக்கத்திலேயே `DEVICE: 6, BINARY: 5` மாதிரி இரண்டு எண் இருக்கும். முதல் எண் போனில் இருப்பது, இரண்டாவது உங்கள் கோப்பில் இருப்பது. நான்காவது படியில் சொன்ன விஷயம்தான், புதியதை இறக்க வேண்டும். மண்டிக்காரரின் போன் எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு கடையில் இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறது, அங்கே "போர்டு போச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

`SetupConnection`-லேயே நின்றால் போனை மறுபடியும் டவுன்லோட் மோடுக்குக் கொண்டுவந்து வேறு போர்ட்டில் சொருகுங்கள். ஒரு முறை தோற்ற இணைப்பில் அப்படியே `Start` அழுத்தினால் வேலைக்கு ஆகாது. `MD5 hash value is invalid` என்றால் கோப்பு முழுதாக இறங்கவில்லை, திரும்ப இறக்க வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் `Complete(Write) operation failed` வந்தால் முதல் சந்தேகம் கேபிள்மேல். கேபிளையும் கணினியையும் மாற்றிய பிறகும் ஒவ்வொரு முறையும் அதே கோப்பிலேயே நிற்கிறது என்றால் பெரும்பாலும் சேமிப்பக சிப் தேய்ந்துவிட்டது என்றுதான் பொருள். அப்டேட் நின்றதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கும். அதற்கு சாஃப்ட்வேரில் மருந்து இல்லை, திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பது சிப்பை இன்னும் கெடுக்கும்.

சாம்சங்கின் ஒன் யூஐ மென்பொருளில் 6.1.1 பதிப்பு முதல் ஆட்டோ பிளாக்கர் என்ற அமைப்பில் கேபிள் வழி அப்டேட்டைத் தடுக்கும் வசதியும் இருக்கிறது. அது ஆனாக இருந்த போனில் ஓடின் வழி அடைபட்டிருக்கலாம். அப்போது சாம்சங் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

## 9. முதல் முறை எழும்போது

`PASS!` வந்த பிறகு முதல் பூட் நீளும், லோகோவிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்பத் திரும்பத் தயார் செய்கிறது. இங்கே பொறுமை இழந்து பவரைப் பிடிப்பவர்கள் செய்ததையெல்லாம் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மண்டிக்காரரின் போன் எழுந்தது, பழைய பின் எண்ணையே கேட்டது. பின் கேட்பதுதான் டேட்டா இருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம். மொழி தேர்ந்தெடுக்கச் சொல்லும் வரவேற்புத் திரை வந்திருந்தால் துடைக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். உள்ளே போய்ப் பார்த்தால் 64 ஜிபியில் 1 ஜிபி கூடக் காலி இல்லை, அப்டேட் திணறியதற்கு அதுவே போதும். அவர் சீட்டுப் போட்டோக்களை அங்கேயே உட்கார்ந்து கணினிக்கு ஏற்றிவிட்டு, வாட்ஸ்அப்பில் குவிந்திருந்த குட்மார்னிங் வீடியோக்களை அழித்ததும் 20 ஜிபிக்கு மேல் காலியானது.

`HOME_CSC` சரியாக ஏறியும் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது, டேட்டா பகுதிதான் கெட்டிருக்கிறது. இனி மிச்சம் இருப்பது துடைப்பது மட்டும்தான். அதைச் செய்வதற்கு முன் போனில் இருந்த ஜிமெயிலும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் ரிக்கவரியில் துடைத்த போன் அதே கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். போன் வாங்கிய கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்த ஜிமெயிலோடு ஓட்டும் ஆட்கள் அரூர், பென்னாகரம் பக்கம் நிறைய, அவர்களுக்குப் பாஸ்வேர்டு தெரியாது. சிம் இன்னொரு போனில் இருக்கும்போதே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஓடிபி வாங்கி மாற்றிவிடுங்கள், மாற்றிய உடனே துடைக்காமல் ஒரு நாள் விட்டுவிட்டுத் துடைப்பது நல்லது.